கண்ணாத்தாளை யாரும் அடிக்கவில்லை

கண்ணாத்தாளுக்குத் தேதி தெரியாது. ஆனால் எந்த வயலின் நாற்றுக்கு எத்தனை நாள் வயது என்று கேட்டால், நின்ற இடத்திலேயே சொல்வாள். ஒரு நாள்கூடப் பிசகாது. பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போகிறவள் அவள். நாற்று முற்றிப்போனால் பழி தன் மேல் வரும் என்பதால் நாற்றங்காலில் விதை விழுந்த நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுடைய நோயையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடித்தோம்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றங்கரையில் அவளுடைய ஊர். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்து நாலு மைலில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் 1965 முதல் 1986 வரை லேப் டெக்னீஷியனாக இருந்தேன். இதில் வரும் தேதிகளும் எண்களும் என் குறிப்பு நோட்டிலிருந்து எடுத்தவை.

1972-ஆம் வருஷம், தை மாதம், சம்பா அறுவடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைக்குப் போகாமல் நின்றது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஜனவரி 27, வியாழக்கிழமை காலையில் களத்து மேட்டில் கைகலப்பு. கண்ணாத்தாளின் புருஷன் வீரையனை நாலு பேர் கம்பால் அடித்தார்கள். வலது பக்க விலா எலும்பு ஒன்று முறிந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக் காயச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த நாலு பேர் மீதும் போலீஸ் வழக்குப் பதிவானது. அந்தப் பக்கத்தில் கூலியாளை அடித்ததற்காக மிராசு ஆட்கள் கோர்ட் படி ஏறியது அதுதான் முதல் தடவை. சங்கச் செயலாளர் ஐயாவு அந்த வழக்கைத் தன் பிள்ளையைப் போலக் காபந்து பண்ணிவந்தார்.

பங்குனி தொடக்கத்தில் வீரையனுக்கு இருமல் வந்தது. அவர்கள் தெருவில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. உள்ளே பட்ட அடி, வெளியே தெரியாத அடி, ஊமைக்காயம் என்றார்கள். ஊமைக்காயத்துக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் கண்ணாத்தாள் செய்தாள். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினாள். விலாவில் பத்துப் போட்டுத் துணியால் கட்டினாள். வைகாசியில் சளியில் ரத்தம் கீற்றாக வந்தது. அதைப் பார்த்ததும் தெருவுக்குச் சந்தேகமே போய்விட்டது. அடிபட்டவன் ரத்தம் துப்புகிறான், இதில் கேட்க என்ன இருக்கிறது? ஐயாவு அதைக் கூட்டங்களில் பேசினார். மேலத் தெரு மிராசு ஆள் அடித்த அடி ஆறு மாதமாகியும் ரத்தமாக வருகிறது என்று அவர் சொல்லும்போது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம்.

இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அவர்கள் கண்ணால் கண்டது அடி. பிறகு கண்ணால் கண்டது ரத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் பம்புசெட் தண்ணீரை வைத்துக் குறுவைக்கு முன்கூட்டியே நாற்று விட்டார்கள். விதை தெளித்த அன்று கண்ணாத்தாளுக்குத் தொண்டை கரகரத்தது. ஈரத்தில் நிற்கிறவளுக்கு இருமல் புதிதா என்று விட்டுவிட்டாள். நாற்றுப் பறிக்கிற நாள் வந்தது, இருமல் நிற்கவில்லை. நடவு வயலில் குனிந்தால் இருமல், நிமிர்ந்தால் இருமல். கூட நட்ட ஒருத்தி, “ஏண்டி, புருசன் வாங்குன அடி ஒனக்கும் வலிக்குதா?” என்று கேலி செய்திருக்கிறாள். வரிசை முழுக்கச் சிரித்தது. கண்ணாத்தாளும் சிரித்தாள்.

அவள் ஓயாமல் வெற்றிலை போடுகிறவள். துப்பினால் சிவப்பாகத்தான் இருக்கும். அதனால் சளியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரிய வழியில்லை. நடவின் முதல் நாள் சுண்ணாம்பு கூடிப்போய் அவளுக்கு வாய் வெந்துவிட்டது. மூன்று நாள் வெற்றிலையைத் தொடவில்லை. நாலாம் நாள் காலை, நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டே இருமித் துப்பினாள். சேற்று நீரின் மேல் வெள்ளைச் சளி மிதந்தது. அதில் நூல் போல ஒரு சிவப்பு.

நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் எதுவும் சொல்லாமல் அன்றைய நடவை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜூலை 21, நாலு மைல் நடந்து எங்கள் நிலையத்துக்கு வந்தாள்.

அப்போது எங்கள் மருத்துவ அதிகாரி டாக்டர் அப்துல் மஜீது. நாகப்பட்டினத்துக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார். இருமல் எத்தனை நாளாக என்று கேட்டார். அவள், நாற்று விட்ட அன்று ஆரம்பித்தது, இருபத்தைந்து நாள் நாற்றைப் பறித்து நாலு நாளாக நடுகிறோம் என்றாள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஜூன் 22. இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சாதாரணச் சளி இருமல் என்றால் இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரத்தில் தணிந்துவிடும். அதற்கு மேலும் நிற்கும் இருமலைக் காசநோய் இல்லை என்று தெரிகிறவரை விடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. ரத்தம் கலந்து வந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இருமுகிற எல்லோருக்கும் அந்த நோய் இருக்காது. என்னிடம் வந்த பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்தோ குழாய் வைத்துக் கேட்டோ நிச்சயமாகச் சொல்ல முடியாது. சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் கிருமி தெரியும். சளியில் கிருமி உள்ளவர் இருமும்போது அது காற்றில் கலந்து பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது. ஆகவே நோயாளிக்காக மட்டுமன்றி அவர் வீட்டுக்காகவும் பார்க்கிறோம்.

டாக்டர் அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா என்று மட்டும் கேட்டார்.

அவள் சொன்னாள்: “எம் புருசன் இருமுறாரு. ரத்தமும் வருது. அது அடிபட்டதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம், டாக்டரய்யா. என்னை யாரும் அடிக்கலயே.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

அவளுக்கு நான் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, மரத்தடிக்குப் போய் நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்பச் சொன்னேன். எச்சில் வேண்டாம், சளிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். இன்னொரு டப்பாவையும் கொடுத்தேன். அது மறுநாள் காலை எழுந்ததும், பல் துலக்கி வெற்றிலை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டியது. இரவெல்லாம் நெஞ்சில் தங்கிய சளியில் கிருமி கூடுதலாக இருக்கும். ஒரு தடவை தப்பிப்போவது இரண்டாவதில் அகப்படும்.

முதல் டப்பாவை அன்றே பார்த்தேன். சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து, உலரவிட்டு, சுடரில் காட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி வரும்வரை சூடாக்கவேண்டும். பிறகு அமிலத்தால் கழுவவேண்டும். மற்றதெல்லாம் சாயம் போய்விடும். இந்தக் கிருமி மட்டும் அமிலத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் சிவப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீலச் சாயம் ஊற்றினால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குத் தெரிவது ஒரு வட்டம்; முதல் துண்டில் நூறு வட்டம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கொண்டுவந்த காலைச் சளியில், நாற்பத்திரண்டாவது வட்டத்தில் இரண்டு குச்சி தெரிந்தது. நூறு முடிக்கும்போது பதினேழு. பதிவேட்டில் அவளுடைய எண் 118.

டாக்டர் அவளை உட்காரவைத்து, இது குணமாகிற நோய், மாத்திரை இலவசம், ஆனால் ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி. பிறகு வீரையனுக்கும் ஒரு டப்பாவைக் கொடுத்து, அவனை அழைத்துவரச் சொன்னார். அவனிடமிருந்து அவளுக்கு வந்ததா, இருவருக்கும் வேறு யாரிடமிருந்தாவது வந்ததா என்பதை யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் அவனைப் பார்க்காமல் விட்டால் அவளுக்குக் கொடுக்கிற மாத்திரையில் பாதிப் பயன் போய்விடும். வீட்டில் நாலு வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அப்பாவின் பக்கத்தில்தான் படுப்பாள்.

வீரையன் வரமாட்டேன் என்றான். வழக்கு விசாரணை புரட்டாசியில் வைத்திருந்தார்கள். அதற்குள் காசம் என்று ஒரு சீட்டு பிறந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். ஏற்கெனவே சீக்காளி, அடியே படவில்லை என்பார். ஐயாவு கண்ணாத்தாளை வரவழைத்து, இரண்டே மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வழக்கு தோற்றால் அடுத்த அறுவடையில் யாரும் கூலி கேட்டு நிற்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கொட்டகையில் ஆண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே போனாள். நடந்ததைப் பின்னால் ஐயாவுதான் எனக்குச் சொன்னார். வீரையனும் அங்கேதான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஐயாவண்ணே, எனக்கும் ரத்தம் வருது. என்னை அடிச்சவன் யாருன்னு சொல்லுங்க, அவன் மேலயும் கேஸ் போடலாம்.”

ஐயாவு, “கண்ணாத்தா, ரெண்டு மாசந்தானே கேக்குறோம். தீர்ப்பு வந்துரட்டும்” என்றார்.

“தீர்ப்பு வரும்ணே. அதைக் கேக்க இந்த ஆளு இருக்கணுமில்ல.”

அந்த நேரம் வீரையனுக்கு இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தான். இருமல் வெகுநேரம் ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். அதுவரை ஆறு மாதமாக அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தவர்கள். வீரையன் தலையைத் தூக்கி, தள்ளிப் போனவர்களைப் பார்த்தான். பிறகு தன் பெண்சாதியிடம், “டப்பாவைக் கொண்டா” என்றான்.

திங்கட்கிழமை அவன் வந்தான். எண் 119. முதல் சளியிலேயே, பார்த்த இடமெல்லாம் சிவப்பு. தஞ்சாவூருக்கு அனுப்பி எடுத்த எக்ஸ்ரே படம் வந்ததும் டாக்டர் என்னை அழைத்துக் காட்டினார். முறிந்து கூடிய எலும்பு வலது பக்கம். நோய் அரித்த குழி இடது பக்கத்து மேல் நுனியில். அடித்த அடிக்கும் வந்த ரத்தத்துக்கும் இடையில் ஒரு நெஞ்சின் அகலம் இருந்தது. எலும்பு நெஞ்சைக் குத்தி ரத்தம் வருவதென்றால் அந்த நாட்களிலேயே வந்திருக்கும், நாலு மாதம் கழித்து வராது என்றும் சொன்னார்.

வீரையன் வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஐயாவு வந்தார். மாத்திரை கொடுங்கள், ஆனால் பதிவேட்டில் மட்டும் இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள் என்று கேட்டார். எண் இல்லாமல் மாத்திரை இல்லை, ஒரு எண்ணை விட்டுவிட்டு அடுத்ததை எழுதவும் முடியாது என்றேன். அந்தப் பதிவேட்டைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் யாருக்கும் காட்டமாட்டோம் என்றும் சொன்னேன். அவர் டாக்டரிடம் போனார். டாக்டர், “எலும்பு முறிஞ்சதுக்குப் படம் இருக்குங்க, ஐயாவு. கிருமி இருக்கறதுக்கும் கண்ணாடி இருக்கு. ஒண்ணு இன்னொண்ணைப் பொய்யாக்காது. கோர்ட்ல கேட்டா நானே வந்து சொல்றேன்” என்றார். ஐயாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் அறுபது நாள் ஊசிக்கு வந்தார்கள். போக நாலு மைல், வர நாலு மைல். முதல் வாரங்களில் வீரையனால் ஒரே மூச்சில் நடக்க முடியாது. அவன் மதகுக்கு மதகு உட்காருவான், அவள் நின்றுகொண்டிருப்பாள். நடவுக் கூட்டம் அவளை விட்டுவிட்டது. அவளுடைய பதினாலு பெண்களை வேறு ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரையால் வயிறு புரட்டி வாந்தி எடுத்த நாட்களும் உண்டு. மாத்திரை கொடுத்த நாளைக் குறிக்கும் அட்டையில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. பெண் குழந்தையை மாதம் ஒருமுறை கொண்டுவந்து எடை பார்த்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை.

புரட்டாசியில் சங்கம் மறியல் செய்தது. ஐயாவும் முக்கியமானவர்களும் திருச்சி சிறையில் இருந்தபோது சாட்சி விசாரணை நடந்தது. வீரையன் தன் சாட்சியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டான், மற்றவர்கள் சொன்னதைக் கேட்கத் தெருவிலிருந்து வேறு யாரும் போகவில்லை. நவம்பர் 14-ஆம் தேதி தீர்ப்பு. நாலு பேரும் விடுதலை.

அன்று சாயங்காலமே தெரு முடிவு கட்டிவிட்டது. கண்ணாத்தாள் போய்ச் சளியைக் கொடுத்தாள், காகிதம் வெளியே போயிற்று, கேஸ் போயிற்று. அவள் தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பாதி நோய்க்குப் பயந்து, பாதி கோபத்தில். கேஸைக் கெடுத்தவ என்பது அவளுக்குப் பேராகிவிட்டது. சிறையிலிருந்து வந்த ஐயாவும் அதை மறுத்துப் பேசவில்லை.

எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் நிலையத்துக்குச் சம்மன் ஒன்றும் வரவில்லை. பதிவேட்டை யாரும் கேட்கவில்லை, டாக்டரை யாரும் அழைக்கவில்லை. அப்படியிருக்க அந்தக் காகிதம் எப்படி வழக்கைக் கெடுத்திருக்கும்? முறைப்படி மனுப் போட்டுத் தீர்ப்பின் நகல் வாங்கினேன். 1973 மார்ச் 9-இல் கைக்கு வந்தது. ஏழு பக்கம். இருமல் என்றோ காசம் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. எலும்பு முறிந்ததை நீதிபதி ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் நேரில் கண்ட சாட்சிகள் இரண்டு பேரும், அடித்தவர்களை அடையாளம் தெரியவில்லை என்று கூண்டில் மாற்றிச் சொல்லியிருந்தார்கள். அடிபட்டவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று எழுதியிருந்தார். வழக்கு அதனால்தான் விழுந்தது.

இரண்டு பேரும் அதே தெருக்காரர்கள், அண்ணன் தம்பி. அவர்கள் குடிசை இருந்த மனை மிராசுதாருடையது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் 1971-இலேயே சட்டம் போட்டிருந்தது. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. இடையில் மிராசுதாரின் ஆள் போய் அவர்களிடம் என்ன சொன்னான் என்பதை ஊகிக்கத்தான் முடியும். எனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை.

மாத்திரை வாங்க அடுத்த முறை அவள் வந்தபோது நகலைப் படித்துக் காட்டினேன். வீரையன் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தான். அவள் கடைசி வரை கேட்டாள். மாற்றிச் சொன்னவர்களின் பெயர் வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். இதை ஐயாவு கையில் கொடுத்தால் தெருவில் உன் பேர் சுத்தமாகிவிடும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

“வேணாங்க, ஐயா. மாத்திச் சொன்னது தெரிஞ்சா அந்த ரெண்டு பேரையும் விட்டுவைக்கமாட்டாங்க. இப்ப இருக்குற கோவம் அப்படி. அவனுங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு.”

“அதுக்காக உன் மேல பழி இருக்கணுமா?”

“எம் மேல இருந்தா ஒரு குடத்தைத் தள்ளி வெப்பாங்க. அவ்வளவுதான்” என்றாள். பிறகு, “இவருக்கும் சொல்லாதீங்க. வெட்டப் போயிடுவாரு” என்றாள்.

நான் நகலை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன். சரி செய்தேனா, தப்புச் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

1974 ஜனவரியில் இருவருடைய சிகிச்சையும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. வீரையன் அதன் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தான். மூச்சு வாங்கும், பாரம் தூக்க முடியாது, ஆனால் வரப்பு வெட்டினான், மகள் கல்யாணத்தைப் பார்த்தான். நடவுப் பெண்கள் மூன்றாம் வருஷம் கண்ணாத்தாளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், நாற்றுக் கணக்கு வேறு யாருக்கும் சரியாக வராததால். பேர் மட்டும் போகவில்லை. அவள் காதுபடவே சொல்வார்கள்.

அதே பெண்கள்தான் பின்னால் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். நாற்று விட்டபோது இருமல் வந்தது, நட்டு முடித்தும் நிற்கவில்லை, கண்ணாத்தாள் போகச் சொன்னாள் என்பார்கள். 1974 முதல் 1986 வரை இப்படிச் சொல்லி வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஐந்து பேருக்குக் கிருமி இருந்தது.

அந்த ஐந்தில் ஒருவர், மாற்றிச் சாட்சி சொன்ன அண்ணன் தம்பிகளில் மூத்தவர். 1977 ஆகஸ்ட் 3, புதன்கிழமை. ஆள் பாதியாகியிருந்தார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யார் அனுப்பினார்கள் என்றேன். டப்பாவைக் கையில் வாங்கி அதன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

“கண்ணாத்தா வீட்டுக்கே வந்து சொல்லிச்சுங்க. வெளியில நிக்குது” என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வீரையன் உட்காருகிற அதே வேப்பமரத்தடியில் அவள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நாலு மைல் அவரோடு நடந்து வந்திருக்கிறாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினேன். அவர் அவள் நிற்கும் பக்கம் போகாமல், கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறமாகப் போனார்.